டெலிவரி வேன் வாங்கியவர்கள் தேய்மானக் கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள்

டர்பன் பக்கம் சொந்தமாகத் தொழில் செய்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த்தில் எனக்கு மசாலா அரைத்துக் கடைகளுக்குப் போடுகிற சின்னத் தொழில். கணக்கு எழுதியவர் தெரிந்த குடும்பத்துப் பையன். மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு அவர் செய்து வைத்த வேலையைப் படித்துவிட்டு உங்கள் புத்தகத்தையும் பாருங்கள்.

என் கணக்கு ஆண்டு மார்ச்சில் தொடங்கி பிப்ரவரி கடைசியில் முடியும். வேன் கைக்கு வந்து ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1. பில் தொகை 3,45,000 ராண்ட். அதில் 15 சதவீத வாட் மட்டும் 45,000. நான் வாட் பதிவு செய்தவன். பின்னால் சீட் இல்லாத, சரக்கு ஏற்ற மட்டுமே ஆன வேன் என்பதால் அந்த 45,000-ஐத் திரும்பக் கேட்கலாம். (டபுள் கேப் பக்கி வாங்கியிருந்தால் முடியாது, அது சட்டப்படி கார்.) ஆக, புத்தகத்தில் வேனின் விலை 3,00,000 என்றுதான் ஏற வேண்டும்.

குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 25 சதவீதம் என்று பேசியிருந்தோம். வேன் ஓடியது ஆறு மாதம். அதனால் முதல் ஆண்டுத் தேய்மானம் 75,000-இல் பாதி, அதாவது 37,500. தேய்மானச் செலவில் பற்று, திரண்ட தேய்மானத்தில் வரவு. மீதி மதிப்பு 2,62,500. அடுத்த ஆண்டு அந்த மீதியின் மேல் முழு 25 சதவீதம், 65,625. மாதக் கணக்கு வாங்கிய ஆண்டுக்கு மட்டும்தான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வாட்டையும் சேர்த்து 3,45,000 என்று ஏற்றினார். ஆறு மாதம் ஓடிய வண்டிக்கு முழு ஆண்டுத் தேய்மானம் போட்டார், 86,250. அதையும் திரண்ட தேய்மானம் என்று தனிக் கணக்கில் வைக்காமல் நேராக வேன் கணக்கிலேயே கழித்துவிட்டார். இருப்புநிலைக் குறிப்பில் "வேன் 2,58,750" என்று ஒரே ஒரு எண் நின்றது.

சரியான மதிப்பு 2,62,500. வித்தியாசம் வெறும் 3,750. விலையில் 45,000 கூடுதல், தேய்மானத்தில் 48,750 கூடுதல், ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட அடித்துவிட்டது. இப்படி ஒரு எண்ணைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? அடுத்த ஆண்டும் அதே மீதியில் 25 சதவீதம் போட்டதால் அதுவும் சரியாகவே தெரிந்தது. உள்ளே பார்த்தால் 45,000 ராண்ட் வாட் கேட்கப்படவே இல்லை. முதல் ஆண்டு லாபம் 48,750 குறைவாகக் காட்டப்பட்டிருக்கிறது.

கடன் கேட்டுப் போன இடத்தில் சொத்துப் பதிவேடு கேட்டார்கள். அவரிடம் அப்படி ஒன்றே இல்லை. ஃபீனிக்ஸில் இருக்கிற கணக்காளர் அக்கா ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது வேன் பில்லை. அப்புறம் 86,250-ஐ 3,45,000-ஆல் வகுத்தார். சரியாக 25 சதவீதம் வந்தது. "பாதி ஆண்டுக்கு இது பன்னிரண்டரைதானே வரணும் தம்பி?" என்றார். உங்கள் புத்தகத்திலும் இதே வகுத்தலைச் செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

பழைய ஆளிடம் கேட்டபோது "வாங்கின வருஷம் முழுசா போடுறது ஒரு வழக்கம்தான் அண்ணா" என்றார். அப்படி ஒரு வழக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்தால் விற்கிற ஆண்டில் தேய்மானம் போடக் கூடாது, எல்லாச் சொத்துக்கும் அதே மாதிரி நடக்க வேண்டும். என் அரவை இயந்திரத்துக்கு அவரே மாதக் கணக்கில் போட்டிருக்கிறார். தவிர, வருமான வரிக்கு அதே 86,250-ஐத்தான் கழித்துக் காட்டியிருக்கிறார். வரிக்கான தேய்மானம் வேறு கணக்கு. சார்ஸ் அட்டவணையில் டெலிவரி வண்டிக்கு நான்கு ஆண்டு, வாங்கிய ஆண்டில் மாத விகிதம். என்னைப் போலச் சொந்தப் பெயரில் தொழில் செய்கிறவருக்கு அதிலும் முதல் ஆண்டு 37,500-தான். கூடுதலாகக் கழித்ததற்குச் சார்ஸ் பிடித்தால் கட்ட வேண்டியது நான், அவர் அல்ல.

இப்போது அக்கா வேனை 3,00,000-க்குத் திருத்தி, திரண்ட தேய்மானத்தைத் தனிக் கணக்காகப் பிரித்து, வருமான வரி விவரத்துக்கும் திருத்தம் போட்டிருக்கிறார். வாட்டை ஐந்து ஆண்டுக்குள் கேட்கலாம் என்பதால் அடுத்த வாட் படிவத்தில் 45,000 போகிறது. அதற்கு விற்றவர் கொடுத்த அசல் வரி இன்வாய்ஸ் கையில் இருக்க வேண்டும். பழைய ஆளிடம் என் ஃபைல் இன்னும் இருக்கிறது, கேட்டால் நாளைக்கு என்கிறார். உங்கள் வண்டி இன்வாய்ஸைக் கணக்கு எழுதுகிறவரிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வையுங்கள், அவருக்கு நகல் போதும்.