எதிர்மறை எண்கள் சிவப்பில், காற்புள்ளிகள் லட்சக் கணக்கில்: எக்செலில் எந்த வழி?

லாப நட்டக் கணக்கில் நாம் கேட்பது மூன்றே மூன்று. நட்டம் சிவப்பில் தெரிய வேண்டும், தொகைக்குப் பின்னால் 'ரூ' வர வேண்டும், காற்புள்ளிகள் 12,34,567 என்று விழ வேண்டும். முதல் இரண்டும் எளிது. மூன்றாவது சேர்ந்தால்தான் சிக்கல்.

காற்புள்ளியை மறந்துவிட்டுத் தொடங்குவோம். செல்களைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்தி, Number தாவலில் Custom என்பதற்குப் போய், Type பெட்டியில் இதை எழுதலாம்:

```
#,##0" ரூ";[Red]-#,##0" ரூ";0" ரூ"
```

அரைப்புள்ளிகள் இதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன: நேர்ம எண், எதிர்மறை எண், பூஜ்யம். செல்லில் இருப்பது எண்ணாகவே இருப்பதால் கூட்டல் கெடாது. '5000 ரூ' என்று கையால் அடித்தால் அது வெறும் எழுத்தாகிவிடும். SUM அதைக் கண்டுகொள்ளாது. இரண்டாம் பகுதியை நாமே எழுதும்போது கழித்தல் குறியையும் நாமே இட வேண்டும். இடாவிட்டால் திரையில் சிவப்பு காப்பாற்றும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் நட்டம் லாபமாகத் தெரியும்.

இப்போது லட்சத்துக்கு வருவோம். `#,##0` எப்படிப் பிரிக்கும் என்பதை விண்டோஸின் வட்டார அமைப்பு தீர்மானிக்கிறது. அங்கே Digit grouping என்பதில் 12,34,56,789 என்பதைத் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ள அதே வரி −12,34,567 ரூ என்று சிவப்பில் காட்டும். சுருக்கமான வழி, அழகான வழி. ஆனால் கோப்புக்குள் பதிவாவது `#,##0` மட்டுமே. மேலைநாட்டு அமைப்பு கொண்ட கணினியில் தணிக்கையாளர் திறந்தால் அவருக்கு 1,234,567 தான் தெரியும்.

எந்தக் கணினியிலும் மாறாமல் இருக்க வேண்டுமானால், காற்புள்ளிகளை நாமே பதித்து, பகுதிகளுக்கு நிபந்தனை வைக்க வேண்டும்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;#,##0
```

இதில் 4520000 என்பது 45,20,000 ஆகிறது. ஆனால் −1234567 இரண்டு நிபந்தனைகளிலும் அகப்படாமல் மூன்றாம் பகுதியில் விழுகிறது. காற்புள்ளிகள் மேலைநாட்டு முறையில் அமைகின்றன, சிவப்பும் இல்லை. ஒரு வடிவத்தில் எக்செல் அனுமதிக்கும் நிபந்தனைகள் இரண்டுதான். கோடிக்கும் லட்சத்துக்கும் அவை தீர்ந்துவிட்டால், எதிர்மறைக்குத் தர ஒன்றும் மிஞ்சாது. இந்த ஒரு வரியை மட்டும் நம்பியிருப்பவர்கள் நட்டத் தொகையைத் தவறாகப் படிக்கும் ஆபத்து உண்டு. இன்னொரு சிறு பொறி: 99999.60 என்ற மதிப்பு லட்சத்துக்குக் குறைவு என்பதால் மூன்றாம் பகுதிக்குப் போய், முழு எண்ணாகி, 100,000 என்று தோன்றும். நிபந்தனையை 99999.5 என்றும், கோடிக்கு 9999999.5 என்றும் வைத்தால் இது தீரும்.

எதிர்மறைக்கான இடத்தை Conditional Formatting தருகிறது. பலர் அதில் எழுத்து நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எக்செலில் அந்த விதிக்குள்ளும் Number தாவல் இருக்கிறது. எனவே நேர்ம எண்களுக்கு மேலே சொன்ன வரியை வைத்துக்கொண்டு, எதிர்மறைக்கு மூன்று விதிகள் போதும். 0-க்குக் கீழே என்றால் `#,##0`, −99999.5 அல்லது அதற்குக் கீழே என்றால் `##\,##\,##0`, −9999999.5 அல்லது அதற்குக் கீழே என்றால் `##\,##\,##\,##0`. மூன்றிலும் எழுத்து நிறம் சிவப்பு. ஒவ்வொன்றும் ஒரே பகுதி கொண்ட வடிவம் என்பதால் கழித்தல் குறி தானாக வரும். புதிய விதி பட்டியலின் மேலே போய் உட்காரும், மேலே இருப்பதே வெல்லும். அதனால் இதே வரிசையில் உருவாக்குங்கள். தலைகீழாகச் செய்தால் 0-க்குக் கீழே என்ற விதி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். −1234567 என்பது −12,34,567 ஆகத் தெரிகிறதா என்று ஒரு செல்லில் அடித்துப் பார்த்தால் உடனே விளங்கும். 'ரூ' வேண்டுமானால் ஒவ்வொரு வடிவத்தின் பகுதிகளிலும் `" ரூ"` சேர்க்க வேண்டும்.

TEXT சார்பை வைத்து இதைச் செய்பவர்களும் உண்டு. அது எண்ணை எழுத்தாக்கிவிடும். அதற்குள் `[Red]` எழுதினாலும் நிறம் வராது. கடிதத்துக்கான வாக்கியத்தில் தொகையைச் சேர்க்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

கோப்பு ஒரே அலுவலகத்துக்குள் சுற்றுமானால் நான் வட்டார அமைப்பையே மாற்றுவேன். பராமரிக்க ஒரு வரிதான். வெளியே போகும் கோப்புக்கு மூன்று விதிகள். கூகுள் ஷீட்ஸில் இந்த இரண்டாம் வழி நடக்காது. அங்குள்ள நிபந்தனை விதிகள் நிறத்தை மாற்றும், எண் வடிவத்தை மாற்றாது.