ரிஸ்க் பட்டியல்: தனி எக்செலிலா, டாஸ்க் போர்டு பக்கத்திலா?

புதுச்சேரியில் வீடு புதுப்பிக்கும் வேலைகளை ஆறு பேராக எடுத்துச் செய்கிறோம். வேலையில் என்னென்ன தவறிப்போகலாம் என்று எழுதும் ரிஸ்க் பட்டியல் 2024 வரை எக்செலில் இருந்தது. அதன் பிறகு, ஒவ்வொரு வேலையையும் எண் போட்ட சீட்டாக ஒட்டும் டாஸ்க் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டி அதில் எழுதுகிறோம். எனக்கு இதுதான் சரிப்பட்டது.

எக்செலின் வசதி எல்லோருக்கும் தெரியும்: தேடலாம், மெயில் அனுப்பலாம், பழைய பதிவு அழியாது. ஆனால் வேலை தொடங்கும்போது எழுதிய கோப்பை நாங்கள் மறுபடி திறக்கவே இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் அதில் "மழை வரலாம்" என்ற வரி இருந்தது. எந்த வேலையைக் கெடுக்கும் என்றுதான் எழுதவில்லை. மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் முடியாமலே கீழே ஜிப்சம் சீலிங் ஏறிவிட்டது. நாலு பலகை ஊறி உப்பிப்போனது.

இப்போது அதே மழையை இப்படி எழுதுகிறோம்: "ரி-3. வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவானால் தளம் காயாது, கோட்டிங் தள்ளிப்போகும். பாதிப்பது: 12 கோட்டிங், 13 தண்ணீர் கட்டிப் பார்ப்பது, 17 சீலிங்." பக்கத்தில் பொறுப்பாளர் பெயர், அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி. அந்த மூன்று சீட்டுகளின் மூலையிலும் சிவப்பில் ரி-3. போன ஐப்பசியில் 17-ஐ 'நடக்கிறது' பக்கம் நகர்த்தப் போனபோது மேஸ்திரி கேட்டார்: "சார், இதுல ரி-3 இருக்கே, தண்ணி கட்டிப் பார்த்தாச்சா?" பார்க்கவில்லை. சீலிங் ஆட்களை நாலு நாள் கழித்து வரச் சொன்னோம்.

சீட்டிலேயே ரிஸ்க்கை எழுதிவிட்டால் பட்டியல் எதற்கு என்று தோன்றலாம். ஒரே ரிஸ்க் மூன்று சீட்டில் இருந்தால், தேதி மாறும்போது ஒன்றில் மட்டும்தான் திருத்துவோம்.

முடிவு செய்ய வைத்தது பராமரிப்புதான். திங்கட்கிழமை பத்து நிமிடம், இரண்டே கேள்வி. ஒரு ரிஸ்க் குறிக்கும் டாஸ்க் எல்லாம் 'முடிந்தது' பக்கம் போய்விட்டதா? அடித்துவிடலாம். டாஸ்க் எண்ணே இல்லாத ரிஸ்க் இருக்கிறதா? ஒன்று அது மொட்டையாக எழுதப்பட்டிருக்கும், இல்லையென்றால் ஏதோ வேலை விட்டுப்போயிருக்கும். "கரண்ட் இணைப்பு தாமதமாகலாம்" என்ற வரிக்கு எண் போடத் தேடியபோதுதான், கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்கும் சீட்டையே யாரும் எழுதவில்லை என்று தெரிந்தது. ரிஸ்க் நடந்தேவிட்டால் பட்டியலில் அடித்துவிட்டு, அதைச் சரிசெய்யும் வேலையைப் புதுச் சீட்டாக ஒட்டுகிறோம்.

ஒரு குறை உண்டு. 12-ஐ 12அ, 12ஆ என்று பிரிக்கும்போது சிவப்பு எண்ணைப் புதுச் சீட்டில் எழுத இரண்டு முறை மறந்திருக்கிறோம்.

எங்களிடம் ஒரு நேரத்தில் பன்னிரண்டு ரிஸ்க்குக்கு மேல் இருந்ததில்லை, சைட்டும் இரண்டுதான். ஐந்தாறு சைட் ஓட்டுகிறவர்களுக்குச் சுவர்ச் சார்ட் போதுமா என்பதை நான் செய்து பார்த்ததில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடிக்கையாளர் மாதாமாதம் அறிக்கை கேட்டார். அவருக்கு மட்டும் சார்ட்டைப் பார்த்து எக்செலில் ஏற்றி அனுப்பினோம்.