நூல் விலை பேசிய அழைப்புக்குக் குறிப்பு எழுதுவது: இரண்டு வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிறேன். நூல் விலை பெரும்பாலும் போனில்தான் பேசி முடியும். பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். பிறகு அதைக் கேட்டு, முதலாளிக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலை.

ஆரம்பத்தில் கடைசியாகக் காதில் விழுந்த விலையை எழுதி முடித்துவிடுவேன். அதில் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். 30-ஆம் நம்பர் கோம்டு நூல், 4 டன். மில்காரர் 30 நாள் கடனுக்குக் கிலோ 282 ரூபாய் என்றார். நாங்கள் 270 கேட்டோம். "ஏழு நாள்ல பணம் வந்துருச்சுன்னா எழுபத்தாறு போட்டுக்கலாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் மேனேஜர் மறுபடி 30 நாள் கேட்க, "சரி, பார்க்கலாங்க" என்று பதில் வந்தது. நான் எழுதியது: 276, 30 நாள். பில் 282-க்கு வந்தது. கிலோவுக்கு 6 ரூபாய் என்றால் 4,000 கிலோவுக்கு 24,000 ரூபாய். பதிவைத் திரும்பக் கேட்டால் மில் பக்கம் தப்பே இல்லை.

அதிலிருந்து விலையைத் தனியாக எழுதுவதில்லை. "276: 7 நாளில் பணம் வந்தால் மட்டும், மில் சொன்னது, 6:40" என்று நிபந்தனை, சொன்ன ஆள், பதிவில் வரும் நேரம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். வரியும் லாரி வாடகையும் அந்த விலைக்குள்ளா வெளியிலா என்பதும் அங்கேயே. "பார்க்கலாம்", "பண்ணிக்கலாம்" என்று முடிந்ததெல்லாம் பேசி முடியாத பகுதிக்குப் போய்விடும். பக்கத்தில் யார், எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுவேன்.

அதிகம் தவறுவது நாம் விட்டுக்கொடுத்ததுதான். விலை படிந்ததும் பேச்சு இளகிவிடும். "வண்டி நாங்க அனுப்பிக்கறோம்" என்று நம் ஆளே போகிற போக்கில் சொல்லியிருப்பார். அதுவும் பணம். அதனால் கடைசி ஐந்து நிமிடத்தை இரண்டு முறை கேட்கிறேன்.

இருபது நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. ஸ்பீக்கரில் இரண்டு மூன்று பேர் பேசினால் யார் சொன்னது என்றே பிடிபடாது. நூறைச் சொல்லாமல் விட்டுப் பேசுவதால் எழுபத்தாறா எழுபத்தேழா என்ற குழப்பமும் வரும். அந்த இடத்தில் ஊகிக்காமல் கேள்விக்குறி போட்டு, அன்று மாலைக்குள் குறிப்பை மில்லுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். பெரும்பாலும் ஒரு வரியாவது திருத்தி வருகிறது.

ஒன்று மட்டும் இன்னும் படியவில்லை. நூலில் குறை வந்தால் துணிக்கான நஷ்டமும் சேருமா, நூல் விலை மட்டுமா? கடைசி நான்கு குறிப்புகளிலும் அது பேசி முடியாத பகுதியில்தான் இருக்கிறது. அடுத்த அழைப்பில் விலைக்கு முன்னால் அதைப் பேசச் சொல்லியிருக்கிறேன்.