ஓர் அறைக்கு ஒரு பெயிண்டரா, இரண்டு பேரா?

திருநகரில் எங்கள் அறை 12க்கு 10 அடி, உயரம் 10. கதவு, ஜன்னல் போக சுவர் 400 சதுர அடி. எமல்ஷன் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி வரும். ஓரம் வெட்டி ரோலர் ஓட்ட ஒருவருக்கு மூன்று மணி நேரம், அதாவது சுவருக்கு முக்கால் மணி. ஒரு கோட் காய நான்கு மணி நேரம்.

ஒருவர் காலை 8க்குத் தொடங்கினால் 11க்கு முதல் கோட் முடியும். முதல் சுவர் 8.45க்கே முடிந்ததால், 12.45க்கு இரண்டாம் கோட்டை அதில் ஆரம்பிக்கலாம், 3.45க்கு வேலை முடிந்துவிடும். இரண்டு பேர் ஆளுக்கொரு சுவராக எடுத்தால் 9.30க்கே முதல் கோட் முடியும். ஆனாலும் 12.45 வரை காத்திருக்கத்தான் வேண்டும், 2.15க்கு முடியும். மிச்சம் ஒன்றரை மணிதான், கூலியோ இரண்டு ஆள் கூலி. ஓர் அறைக்கு ஒருவரே போதும்.

அதே அளவில் இரண்டு அறை இருந்தால் இருவரை வைக்கலாம். முதல் அறை காயும்போது அடுத்த அறை ஓடும், 3.45க்கு இரண்டும் முடியும்.

ஐப்பசி மழையில் நான்கு மணி போதாது. புறங்கை வைத்தால் சுவர் சில்லென்று ஒட்டும். அப்போது ரோலர் ஓட்டினால் அடிக்கோட் உரிந்து வரும்.