தண்ணீர் பாட்டிலா, இடுப்பு மைக்கா?

நாள் முழுக்கப் பாடம் எடுத்துத் தொண்டை கரகரத்தால் முதலில் கை போவது தண்ணீர் பாட்டிலுக்குத்தான். ஆனால் குடிக்கிற தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாயில் இறங்குகிறது, நாண்கள் இருப்பதோ மூச்சுப் பாதையில். உடம்பில் ஈரம் சேர்ந்து அங்கே எட்ட நேரமாகும் என்பதால், வகுப்புக்கு வெகு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால்தான் பலன். தொண்டையைக் கனைக்கத் தோன்றும்போது அதற்குப் பதில் ஒரு மிடறு விழுங்கலாம், அது உடனடி லாபம்.

இடுப்பில் சின்ன ஸ்பீக்கரும் வாயருகே மைக்குமாக மாட்டிக்கொள்கிற இடுப்பு மைக்கோ நேராகக் காரணத்தில் கை வைக்கிறது. பேசும்போது நாண்கள் நொடிக்கு நூறு, இருநூறு முறை ஒன்றோடொன்று மோதுகின்றன, கத்தினால் அந்த மோதல் இன்னும் பலமாகிறது, கரகரப்பு பெரும்பாலும் அதனால்தான். எனக்கு முதல் வாரம் மைக்கால் பயனே இல்லை, ஏனென்றால் அதை மாட்டிக்கொண்டும் பழக்கதோஷத்தில் கத்திக்கொண்டிருந்தேன்! அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குக் குரலை இறக்கி, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்வரை ஸ்பீக்கரை ஏற்றினேன். மாலையில் வித்தியாசம் தெரிந்தது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் ஓரமாக வையுங்கள், மூச்சு அடிக்காது.

ஒன்றுதான் முடியும் என்றால் மைக். 4 வாரம் தாண்டியும் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.