சேர்ந்தான், சேர்த்தான்: வினையை எந்த முறையில் பிரிப்பது?

முதலாண்டு மொழியியல் வகுப்புக்குக் குறிப்பு எழுதும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தமிழ் வினையைப் பிரித்துக் காட்ட நன்னூலின் பகுபத உறுப்புகளை வைத்துக்கொள்வதா, பொருள் தரும் மிகச் சிறிய துண்டுகளாக வெட்டும் மொழியியலின் உருபன் பகுப்பை வைத்துக்கொள்வதா? நான் உருபன் பக்கம்தான் போனேன்.

முதலில் பகுதி, அப்புறம் காலம், கடைசியில் விகுதி என்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. செய்தான் என்றால் இரண்டிலும் செய்+த்+ஆன். சிக்கல் 'சேர்த்தான்' வரும்போது தொடங்குகிறது. பள்ளியில் படித்தபடி அது சேர்+த்+த்+ஆன். முதல் த் சந்தி, அடுத்த த் இறந்தகால இடைநிலை. 'சேர்ந்தான்' என்பது சேர்+த்(ந்)+த்+ஆன். சந்தி ந் ஆனது விகாரம். உருபன் முறையில் இவை சேர்-த்த்-ஆன், சேர்-ந்த்-ஆன்.

சந்தி என்றால் பக்கத்து ஒலியால் வருவது. ஒலிச்சூழல் ஒன்றாக இருந்தால் விளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் சேர்கிறான், சேர்க்கிறான் இரண்டிலும் முன்னால் ர், பின்னால் கிறு. ஒன்றில் க் இரட்டிக்கிறது, மற்றதில் இல்லை. எதிர்காலத்திலும் சேர்வான், சேர்ப்பான் என்று பிரிகின்றன. தானே சேர்வதா, இன்னொன்றைச் சேர்ப்பதா என்ற பொருள்தான் இதை முடிவு செய்கிறது. பொருளைச் சுமக்கும் துண்டைச் சந்தி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரிந்தான், பிரித்தான், வளர்ந்தான், வளர்த்தான் என்று போட்டுப் பாருங்கள், இதே கதைதான்.

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காதைக் கொடுங்கள். 'வேலைக்குச் சேந்தாய்ங்க', 'வேலைக்குச் சேத்தாய்ங்க' என்பார்கள். ர் விழுந்துவிட்டது. வேறுபாடு முழுவதும் ந்த், த்த் மேல்தான் நிற்கிறது. நம் ஊர் -ஆய்ங்க நன்னூலின் விகுதிப் பட்டியலில் இல்லை. உருபன் முறையில் -ஆர்கள் இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

துண்டை ஒழுங்காக வெட்டினால் அடுக்கும் தெளிவாகத் தெரியும். 'சேர்த்தவர்களுக்கும்' என்பதை வலப்பக்கத்திலிருந்து உரியுங்கள். -உம் போனால் சேர்த்தவர்களுக்கு, -உக்கு போனால் சேர்த்தவர்கள், -கள் போனால் சேர்த்தவர், -அவர் போனால் சேர்த்த. இதுவரை மிச்சம் எல்லாமே தனிச்சொல். பெயரெச்ச -அ போனதும் 'சேர்த்த்' தனியாக நிற்காது. அங்கே காலத்துண்டு வந்துவிட்டது என்று அடையாளம். அதையும் எடுத்தால் சேர். எந்த இரண்டு துண்டையும் இடம் மாற்ற முடியாது.

பழைய முறைக்கு ஒரு வசதி உண்டு. இறந்தகாலத்துக்கு அதில் த், ட், ற், இன் என்று நான்கே இடைநிலை. என் வழியில் ந்த், த்த் போன்றவையும் கூடுவதால், எந்த வினை எதை எடுக்கும் என்று வினைவாரியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். செய்தனன் போன்ற செய்யுள் வினைகளில் நான் இதை அதிகம் போட்டுப் பார்த்ததில்லை. அங்கே சாரியை என்ற பெயர் இன்னும் கைகொடுக்கிறது, அதனால் அந்த ஒரு பாடத்துக்கு நன்னூலையே வைத்திருக்கிறேன்.