குழுப்படத்தில் பெயர் தெரிந்தவரும் தெரியாதவரும்: digiKam பயன்பாட்டு அனுபவம்

உறவினர் அனுப்பும் பழைய குழுப்படங்களைப் பெயர்க் குறிப்புகளோடு சேர்த்துவைக்க, digiKam என்னும் இலவச மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முகங்களைச் சுற்றிக் கட்டமிட்டுப் பெயர் சேர்க்க அதில் நல்ல வசதி உண்டு. ஆனால் எந்தப் பெயர் எந்த முகத்துக்கு உரியது என்பதை நாம்தான் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.

அத்தை அனுப்பிய பள்ளி வழியனுப்பு விழாப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். நாற்காலியில் அமர்ந்தவர்கள் ஏழு பேர். "இடமிருந்து வலமாக" என்று அவர் எழுதியனுப்பியதோ ஆறு பெயர்கள். வரிசைப்படி பெயரிட்டுக்கொண்டே போயிருந்தால், விடுபட்டவர் தொடங்கி ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் பெயர் விழுந்து, கடைசியில் இருப்பவர் பெயரின்றி நின்றிருப்பார். ஆகவே ஐயத்துக்கு இடமில்லாத ஒருவரை முதலில் தேடினேன். மாலை அணிந்திருப்பவர்தான் ஓய்வு பெற்றவர். பட்டியலில் நான்காவதாக இருக்கும் அவர் படத்தில் ஐந்தாவதாக இருக்கிறார். அவருக்குப் பின் பட்டியலிலும் இருவர், படத்திலும் இருவர். எனவே விடுபட்டவர் அவருக்கு முன்பே இருக்க வேண்டும். பட்டியலில் இரண்டாவதாக வரும் அத்தை படத்தில் மூன்றாவதாக இருப்பதால், ஐயம் முதல் இரு நாற்காலிகளோடு நின்றது. பட்டியலின் முதல் பெயர் ஓர் ஆசிரியையுடையது, முதல் நாற்காலியில் இருப்பவரும் புடவை அணிந்த பெண், இரண்டாவதில் இருப்பவரோ ஆண். ஆக, இரண்டாவது நாற்காலியில் இருப்பவரே பெயர் இல்லாதவர்.

அந்த முகத்தை மென்பொருள் என் பெரியப்பா என்று பரிந்துரைத்தது. இத்தகைய பரிந்துரைகள் நாம் ஏற்கும்வரை Unconfirmed பகுதியிலேயே இருக்கும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அத்தையே பெயர் தராதபோது சாயலை நம்பிப் பெயரிடுவது சரியில்லை என்பதால் அதை நிராகரித்தேன். Ignored என்று குறித்தால் அந்த முகத்துக்கு மீண்டும் பரிந்துரை வராது என்றாலும், பின்னாளில் யாராவது அடையாளம் சொல்லக்கூடும் என்பதால் Unknown என்றே விட்டு, படக்குறிப்பில் இப்படி எழுதினேன்: "இடமிருந்து இரண்டாவது: மூக்குக்கண்ணாடி அணிந்த ஆண், கட்டம்போட்ட அரைக்கைச் சட்டை, மடியில் கோப்பு, பெயர் தெரியவில்லை." கோப்பு இருப்பதாலேயே அவரை எழுத்தர் என்று எழுதுவது, கண்ணில் படாததைச் சேர்ப்பதாகும்.

நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்த படங்களில் வேறொரு சோதனையும் தேவை. நெகட்டிவைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்திருந்தால் இடமும் வலமும் மாறிவிடும். சட்டைப் பைகளும் புடவை முந்தானைகளும் எல்லாரிடத்திலும் அவரவர் உடலின் வலப்பக்கத்தில் இருப்பதாகத் தெரிந்தால் ஐயப்படலாம். பலகையில் எழுத்து இருந்தால் ஐயமே தீர்ந்துவிடும்.

குறை என்று சொன்னால், இத்தனை உழைப்பும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கழன்றுவிடுகிறது. பெயரும் முகக் கட்டமும் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும்படி அமைப்பில் தேர்ந்தெடுத்து, படத்தை ஆவணமாக அனுப்பினால் அவை அப்படியே போய்ச் சேரும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை என்பதால், அதே குறிப்பைச் செய்தியாகவும் தட்டச்சு செய்து உடன் அனுப்பிவிடுகிறேன்.